கை தவறாத நட்சத்திரம்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் சென்னையில் யாரைத் தட்டினாலும் ஒரு வெப்சைட் விழும். எங்கள் வெப்சைட் உஸ்மான் ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது. கடை அப்பாவுடையது, வெப்சைட் மகன் ஆனந்தகுமாருடையது. பட்டுப்புடவைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார்கள். லிஃப்ட் கடை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நாங்கள் படியேறினோம்.

சென்னையில் எந்த ஓட்டலில் என்ன கிடைக்கும், எந்த டாக்டர் வீட்டுக்கு வருவார், எடுப்புச் சாப்பாடு யார் கொண்டுவந்து தருவார் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் போடுவது எங்கள் வேலை. எங்கள் பக்கத்தைப் படித்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு அங்கிருந்தே ஏதாவது ஏற்பாடு செய்யப் பார்ப்பவர்கள். நான் ஓட்டல்களைப் பற்றி எழுதுவேன். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய உத்தியோகமாகத்தான் பட்டது, முதல் மாதம் மட்டும்.

என் பக்கத்து மேஜை ஜெயலக்ஷ்மியுடையது. நாற்பதைத் தாண்டியவர், வீடு மந்தைவெளி. கணவர் மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். மகள் வர்ஷினி பிளஸ் டூ. காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து, சமைத்து, பஸ்ஸில் தொங்கி, மூன்று மாடி ஏறி வந்து உட்காரும்போதே ஒரு நாள் முடிந்துவிட்ட முகம் இருக்கும். முன்பு கிண்டியில் ஒரு மிக்ஸி கம்பெனியில் வேலை, ஜனங்கள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்துப் பிரிப்பது. கம்பெனி மூடியதும் இங்கே வந்தார். இங்கேயும் அதே வேலைதான். கடிதத்துக்குப் பதிலாகத் திரை.

எங்கள் பக்கத்தைப் படிப்பவர்கள் எந்தக் கடையைப் பற்றியும் நாலு வரி எழுதலாம், ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். அதில்தான் தலைவலி ஆரம்பமாயிற்று. 'இவரைப் போல ஒரு எலெக்ட்ரீஷியன் உலகத்திலேயே கிடையாது, தெய்வம்' என்று எழுதியிருக்கும், கீழே ஒற்றை நட்சத்திரம். 'அந்த ஓட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்' என்று இருக்கும், ஐந்து நட்சத்திரம் ஜொலிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்த ஜனங்கள், ஒரு பொத்தானை ஒழுங்காக அழுத்தத் தெரியவில்லை என்று திட்டுவேன்.

ஜெயலக்ஷ்மி திட்டவில்லை. ஒரு வாரம் அதே ரகத்து விமர்சனங்களை மட்டும் அச்செடுத்து வைத்துப் பார்த்தார். பாதிக்குக் காரணம் எங்கள் படிவமே. நட்சத்திரம் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் முதலிலேயே 'ஒன்று' என்று நின்றுகொண்டிருந்தது. அதைத் தொடாமல் எழுதிவிட்டு அனுப்பினால் ஒற்றை நட்சத்திரமாக வந்து விழும். அந்தப் பெட்டியைக் காலியாக வைக்கச் சொன்னார், தேர்ந்தெடுக்காமல் அனுப்ப முடியாது என்றாயிற்று. மீதியில் பல, நம் பள்ளிக்கூடம் செய்த வேலை. ஒன்று என்றால் முதல் ரேங்க். வகுப்பில் ஒன்று வாங்கியவன்தான் கெட்டிக்காரன், ஐந்து வாங்கியவனுக்கு வீட்டில் பாட்டு. அந்தக் கணக்கில் நல்ல மனத்தோடு ஒன்று போட்டிருந்தார்கள். ஐந்துதான் உயர்ந்தது என்று பெட்டிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்கள். முரண் வெகுவாகக் குறைந்தது, நிற்கவில்லை.

மிஞ்சிய முரண்களுக்கு அவர் ஒரு நடைமுறை வைத்திருந்தார். நட்சத்திரத்தை நாம் மாற்றக் கூடாது, வார்த்தையையும் மாற்றக் கூடாது. எழுதியவரைக் கேட்க வேண்டும். கேட்கும்போது "ஐந்து போடத்தானே நினைத்தீர்கள்?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள். எழுதியதையும் போட்டதையும் இரண்டையும் காட்டி, எது உங்கள் எண்ணம் என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் விமர்சனம் இருக்கும், நட்சத்திரம் சராசரியில் சேராது. அவரே உறுதி செய்தால் எத்தனை முரணாக இருந்தாலும் அப்படியே நிற்கும், சராசரியிலும் சேரும். ஆனந்தகுமார் இதற்கெல்லாம் தலையாட்டினார். அவருக்கு அப்போது முதலீட்டுக்காரர்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடி சமயத்தில், கீழே கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ராஜரத்தினம் படியேறி வந்தார். மந்தைவெளியில் எடுப்புச் சாப்பாடு நடத்துபவர். தெற்கேயிருந்து வந்து, ஒரு அடுப்பில் ஆரம்பித்து, இப்போது அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் கேரியர் அனுப்புகிறவர். கையில் எங்கள் பக்கத்தின் அச்சு. எடுப்புச் சாப்பாட்டுக்காரர்கள் நாலைந்து பேரை 'எங்கள் தேர்வு' என்று தனியே போட்டிருந்தோம், அதில் அவரும் உண்டு. யாரோ ஒருவர் போட்ட ஒற்றை நட்சத்திரத்தால் சராசரி இறங்கி, அந்தப் பட்டியலின் ஓரத்துக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வெளியே. அமெரிக்காக்காரர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள்.

"எழுதினதப் படிங்க மேடம்," என்றார். "தங்கமான சாப்பாடுங்காரு. அம்மா கை மாதிரிங்காரு. அப்புறம் ஒண்ணு போட்ருக்காரு. கை தவறிருச்சு, அவ்வளவுதான். மாத்திவிட்ருங்க."

விமர்சனத்தை நானும் எட்டிப் பார்த்தேன். நல்ல பழைய ஆங்கிலம். தாமும் மனைவியும் இந்தச் சாப்பாட்டால் மிகுந்த திருப்தியோடு இருப்பதாகவும், எந்தக் குறையும் இல்லை என்றும், தங்களைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் ஸ்ரீரங்கன், சித்திரக்குளம் பக்கம், மயிலாப்பூர். கை தவறியதுதான் என்று நானும் சொன்னேன். பழைய தலைமுறை, முதல் ரேங்க் கேஸ் என்றேன்.

ஜெயலக்ஷ்மி மாற்றவில்லை. எழுதியவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ராஜரத்தினத்தை அனுப்பினார். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். ஜெயலக்ஷ்மி ஈ-மெயில் அனுப்பினார், பதில் இல்லை. படிவத்தில் போன் நம்பர் இருந்தது, கூப்பிட்டார். பெரியவர் எடுத்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு, போட்டது சரிதான் என்றார். எழுதியதும் சரியா என்று கேட்டதற்கு, முடிந்தால் நேரில் வாருங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஜெயலக்ஷ்மியை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு மயிலாப்பூரில் வேலை ஒன்றும் இல்லை. வம்பு கேட்கும் ஆசை, வேறென்ன.

குளத்தை ஒட்டிய சந்தில் பழைய ஓட்டு வீடு. ஸ்ரீரங்கன் எழுபத்தைந்து இருப்பார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஹம்சா மாமிக்குக் கை நடுக்கம், பாத்திரம் பிடிக்க முடியாது. அதனால்தான் எடுப்புச் சாப்பாடு. அதை ஏற்பாடு செய்தவன் நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரே மகன் ஸ்ரீவத்சன், எங்கள் பக்கத்தைப் பார்த்து. மாமி உள்ளே விளக்கேற்றப் போனதும் பெரியவர் நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அந்த எழுத்து என் பிள்ளைக்கும்மா," என்றார். "ஸ்டார் மத்தவாளுக்கு."

பெரியவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். கேரியர் வருவதற்குள் மதியம் இரண்டு தாண்டிவிடும். அலுவலகங்களுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியில்தான் வீடுகள். சாதம் விறைத்திருக்கும், கூட்டு புளித்த வாடை அடிக்கும். மாமிக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். அதனால் பதினொரு மணிக்கே பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார். மகனிடம் சொல்ல முடியாது. சாப்பாடு ஒத்துவராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூரில் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுங்கள், இடம் பார்த்துவிட்டேன் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்தில் அப்பா என்ன எழுதுகிறார் என்று அங்கே உட்கார்ந்து படிப்பான். விமர்சனம் எழுதச் சொன்னதே அவன்தான்.

ஸ்டாரையும் பார்ப்பாரே என்று நான் கேட்டேன்.

"பாக்கட்டும். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியல, கை தவறிடுத்துன்னு சிரிச்சுப்பன். அதான் வேணும் எனக்கு." உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "அந்தச் சாப்பாட்டுக்காரர் பாத்தா யோசிப்பர் இல்லையா? எங்கேயோ சரியில்லன்னு. எனக்கு வேற யாராண்ட சொல்லத் தெரியல."

நேரடியாக ராஜரத்தினத்திடமே சொல்லலாமே என்றதற்கு, சொல்லிப் பார்த்தேன் என்றார். அவர் உடனே நியூ ஜெர்சிக்குப் போன் போட்டு, உங்கப்பாவுக்குக் குறை இருக்காம் என்று விசாரித்துவிட்டாராம், நல்ல எண்ணத்தோடுதான். குறை ஒன்றும் இல்லை, நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மகனையும் ராஜரத்தினத்தையும் சமாதானம் செய்யப் பெரியவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். மாமி வந்து, காபி போட முடியாததற்கு வருத்தப்பட்டாள். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மந்தைவெளியில் ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போது ஜெயலக்ஷ்மி, பதினைந்து வருஷம் மிக்ஸிப் புகார் படித்தும் இப்படி ஒன்று வந்ததில்லை என்று மட்டும் சொன்னார். முதல் ரேங்க் கேஸ் என்று சொன்ன என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் அந்த விமர்சனத்துக்கு எதிரே 'எழுதியவர் உறுதி செய்தார்' என்று குறித்துவைத்தார். நட்சத்திரம் நின்றது, சராசரியில் சேர்ந்தது. வாரக் கடைசியில் இன்னொருவரும் தாமதம் என்று எழுதி இரண்டு போட, ராஜரத்தினம் 'எங்கள் தேர்வு' பட்டியலிலிருந்து இறங்கினார். திரும்பவும் படியேறி வந்து கத்தினார். ஒரு கிழவர் கை தவறினதுக்கு என் பொழப்புல மண்ணா என்று கேட்டார். ஜெயலக்ஷ்மி காரணம் எதுவும் சொல்லவில்லை. எழுதியவரைக் கேட்டாயிற்று, அது தவறிய நட்சத்திரம் இல்லை என்றார். வீடுகளுக்குப் போகும் கேரியர் எத்தனை மணிக்குப் போகிறது, எந்தச் சூட்டில் போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். ராஜரத்தினம் கெட்டவர் இல்லை. அலுவலகம் முந்திக்கொண்டால் வீடு பிந்தும், அவ்வளவுதான் அவர் கணக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், இன்னொரு சைக்கிளும் ஆளும் போட்டு வீடுகளுக்குத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார். யார் அந்த நட்சத்திரத்தைப் போட்டது என்று அவருக்குத் தெரியும், ஏன் போட்டார் என்பதுதான் தெரியாது. அதனால் சித்திரக்குளத்துக் கேரியர் முதலில் போயிற்று.

ஒரு நாள் ஜெயலக்ஷ்மிக்குச் சித்திரக்குளத்திலிருந்து போன் வந்தது. ரிசீவரை வைத்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், அந்த மேஜையில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"சாத்துமது நாக்கைச் சுட்டுதாம்," என்றார். ரசத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "மாமி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டாளாம்."

அன்று எங்கள் இருவருக்கும் நானே கீழே போய் டீ வாங்கி வந்தேன். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

இப்படியே போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். நவராத்திரி சமயத்தில் நியூ ஜெர்சியிலிருந்து ஆனந்தகுமாருக்கு நேரே ஒரு ஈ-மெயில் வந்தது. ஸ்ரீவத்சன் அங்கே தமிழர்கள் கூடும் இடத்திலெல்லாம் எங்கள் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறவன். அப்பா மனதாரப் பாராட்டிய சாப்பாட்டுக்காரரைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்களே, அவரைக் கேட்டால் அப்பாவின் ஒற்றை நட்சத்திரம்தான் காரணம் என்கிறார், எழுபத்தைந்து வயதுக்காரர் எதை அழுத்தினார் என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா என்று எழுதியிருந்தான். கோபம் நியாயமாகத்தான் இருந்தது. அவனுக்குத் தெரிந்தவரை.

ஆனந்தகுமார் எங்கள் மேஜைக்கு வந்தார். இதைச் சரிசெய்துவிடலாம் மேடம் என்றார். ஜெயலக்ஷ்மி, எழுதியவரையே கேட்டு உறுதி செய்ததைக் காட்டினார். அப்புறம் ஏன் இப்படி எழுதினார் என்று ஆனந்தகுமார் கேட்டார். ஜெயலக்ஷ்மி என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். சொன்னால் அந்த நிமிஷமே நியூ ஜெர்சிக்கு ஈ-மெயில் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அவர் கை தவறலை சார்," என்றார் ஜெயலக்ஷ்மி. "காரணத்தைக் கேக்காதீங்கோ. அதை மட்டும் தொடாதீங்கோ."

ஆனந்தகுமார் நல்லபடியாகத்தான் சிரித்தார். "மேடம், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. படிச்சா யாருக்கும் தெரியும். அஞ்சு போட நெனச்சிருக்காரு, ஒண்ணு விழுந்துருச்சு." தம் மேஜைக்குப் போய்த் தாமே மாற்றினார். அந்த விமர்சனத்தின் இரண்டு வரியை எடுத்து, ஐந்து நட்சத்திரத்தோடு முதல் பக்கத்திலும் போட்டார். ராஜரத்தினம் பட்டியலில் ஏறினார். கீழே கடையிலிருந்து எல்லாருக்கும் ஜாங்கிரி வந்தது. ஜெயலக்ஷ்மி தம் பங்கை வர்ஷினிக்காகப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

பெரியவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் போனை எடுப்பார், வைப்பார். என்னவென்று சொல்வது? கடைசியில் கூப்பிட்டார். பெரியவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மகன் போன் செய்து, உங்கள் பேர் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது அப்பா என்று சந்தோஷப்பட்டானாம். கேரியர்? அது பழையபடி இரண்டுக்கு மேல்தான் வருகிறது என்றார். அந்த ஒற்றை நட்சத்திரம் கை தவறி விழுந்ததுதான் என்று தெரிந்த பிறகு, தனி சைக்கிளுக்கு என்ன வேலை, ராஜரத்தினம் அந்த ஆளை நிறுத்திவிட்டார். பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவே என்று பெரியவரே இவருக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு முன்னால் ஸ்ரீவத்சனிடமிருந்து ஒரு நன்றி ஈ-மெயில் வந்தது. ஆனந்தகுமார் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். அப்பா அம்மாவுக்கு இந்தச் சாப்பாடு இவ்வளவு பிடித்திருப்பதால், இனி இரவுக்கும் அங்கேயே சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தான். அதை வாசித்துவிட்டு ஜெயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கீழே உஸ்மான் ரோட்டில் பட்டாசுக் கடைக்காரர்கள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. அழகாக ஒட்டியிருந்தார்கள். கிழிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் ஜெயலக்ஷ்மி என்னைக் கூப்பிட்டார். சித்திரக்குளத்திலிருந்து புது விமர்சனம். இரவுச் சாப்பாடும் பிரமாதம், நானும் என் மனைவியும் சொந்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறோம், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அதே பழைய ஆங்கிலம். கீழே ஐந்து நட்சத்திரம், ஒன்றுகூடக் குறையாமல்.

எழுத்தும் நட்சத்திரமும் ஒத்துப்போனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அவர் வைத்த நடைமுறையேதான். ஜெயலக்ஷ்மி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் ஏற்றிவிட்டு அடுத்ததைத் திறந்தார்.